விதை முளைக்கவில்லையா? விற்பனையாளரிடம் மாற்று விதையும் இழப்பீடும் கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி

விதைத்து பத்து நாளாகியும் வயலில் பாதிக் குழி வெறுமையாகக் கிடந்தால், நேராகக் கடைக்குப் போய் நாலு வார்த்தை கேட்கத்தான் தோன்றும். போய்க் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லும் ஒரே பதிலைத்தான் உங்களிடமும் சொல்வார்: "விதையில் கோளாறு இல்லை அண்ணா, உங்க நிலத்துல ஈரம் பத்தல." அப்போது கையில் எதுவும் இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பதிலுக்கு இடமே இல்லாதபடி எழுதப்பட்ட கடிதம்தான் பலன் தரும். அதனால் பேனாவை எடுக்கும் முன் வயலில் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். ஒரு விவசாயி மூன்று ஏக்கரில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் போடுகிறார். நான்கு கிலோ பை ஒன்று 1,500 ரூபாய் வீதம் ஆறு பை வாங்குகிறார். நான்கு பைகளில் லாட் எண் 2417, இரண்டு பைகளில் 2431. ஒரே ரகம், ஒரே நிறுவனம். ஏக்கருக்கு எட்டு கிலோ என்பதால் முதல் லாட் இரண்டு ஏக்கருக்கும், அடுத்தது ஒரு ஏக்கருக்கும் போகிறது. ஒரே நாளில் விதைப்பு, ஒரே கிணற்றுத் தண்ணீர். இரண்டாவது லாட் நன்றாக வந்துவிட்டது, முதல் லாட் வரவில்லை. தொகைகள் எல்லாம் கணக்கு காட்டுவதற்காக மட்டுமே. உங்கள் ஊர் செலவை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் குழியைத் தோண்டிப் பாருங்கள்

முளைக்காத குழிகளில் இருபது முப்பதை விரலால் மெதுவாகக் கிளறி, விதை என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். காரணம் அங்கேயே தெரிந்துவிடும். விதை காய்ந்து, போட்டது போட்டபடி கெட்டியாக இருந்தால் அதற்கு ஈரம் கிடைக்கவில்லை. முளை வந்து, மேலே வர முடியாமல் மண்ணுக்குள்ளேயே சுருண்டு கிடந்தால் ஆழம் அதிகம், அல்லது மழைக்குப் பின் மண் இறுகி ஓடு கட்டிவிட்டது. குழியில் விதையே இல்லை, அல்லது அரித்த தோல் மட்டும் இருக்கிறது என்றால் எறும்பு, அணில், பறவையின் வேலை. முளைவேர் வந்து அதன் நுனி கருகியிருந்தால் அடியுரம் விதையோடு ஒட்டி விழுந்திருக்கலாம். இந்த நான்கில் எதைக் கண்டாலும் விதையைக் குறை சொல்லிக் கடிதம் எழுதுவது உங்களுக்கே பாதகமாக முடியும்.

சுற்றிலும் மண் நல்ல பதத்தில் இருக்கிறது, விதை ஈரம் குடித்து ஊதியிருக்கிறது, ஆனால் முளைவேர் எட்டிக்கூடப் பார்க்காமல் கொழகொழவென்று அழுகிவிட்டது என்றால் கதை வேறு. உயிர் இல்லாத விதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். வயலில் தண்ணீர் தேங்கினாலும் இதே மாதிரி அழுகும் என்பதால், தேங்கவில்லை என்பதையும் சேர்த்தே காட்ட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அந்தக் கவலை இல்லை. பக்கத்து ஏக்கரில் அதே தண்ணீரில் அடுத்த லாட் முளைத்து நிற்கிறதே.

தோண்டிய விதைகளை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, அன்றைய தேதி எழுதிய சீட்டை அருகில் வைத்துப் படம் எடுங்கள். கைபேசியில் இடத்தைப் பதிவு செய்யும் வசதியைப் போட்டுக்கொள்வது நல்லது.

உரத்தின் மேல் சந்தேகம் என்றால் வழி கொஞ்சம் மாறும். அங்கே செல்லுபடியாவது 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை. உர ஆய்வாளரிடம் சொல்லி, அதே தொகுதி எண் கொண்ட பிரிக்காத மூட்டையிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்ல வேண்டும். கடிதத்தின் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

"பாதிதான் வந்தது" என்றால் போதாது, எண்ணுங்கள்

மக்காச்சோளத்தை 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் குழிக்கு ஒன்றாகப் போட்டிருந்தால், ஐந்து மீட்டர் வரிசையில் இருபது செடி இருக்க வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஒரு கயிறு வெட்டிக்கொள்ளுங்கள். வயலின் நான்கு மூலை, நடு, வாய்க்கால் ஓரம் என்று பத்து இடத்தில் கயிற்றை வைத்து எண்ணி, ஒவ்வொரு இடத்தின் எண்ணிக்கையையும் தனித்தனியாக எழுதுங்கள். மோசமான இடங்களை மட்டும் பொறுக்காதீர்கள். ஆய்வுக்கு வருபவர் வேறு இடத்தில் எண்ணிப் பார்த்தால் உங்கள் கணக்கு மொத்தமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நம் விவசாயிக்கு 2417 லாட்டில் 200 குழிக்கு 96 செடி, அதாவது 48 சதவீதம். 2431 லாட்டில் 200-க்கு 176, அதாவது 88 சதவீதம். மக்காச்சோள விதைக்கு இந்தியாவின் குறைந்தபட்சச் சான்று தரம் 90 சதவீத முளைப்பு. அது பரிசோதனை நிலையத்தில் எடுக்கும் அளவு. வயலில் அதைவிடக் குறைவது இயல்பு. அதனால் "90 சொன்னீர்கள், 88 தான் வந்தது" என்று யாரும் சண்டைக்குப் போக முடியாது. 48 அப்படியல்ல. பயிருக்குப் பயிர் இந்தத் தரம் மாறும்: நெல்லுக்கு 80, உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70. நிலக்கடலையில் நூற்றுக்கு 65 வந்ததற்குக் கோபப்படுவதும் மக்காச்சோளத்தில் 65 வந்ததற்குக் கோபப்படுவதும் ஒன்றல்ல.

எல்லோருக்கும் இப்படி இரண்டு லாட் அமையாது. அப்போது அதே வாரம் விதைத்த பக்கத்து வயலை ஒப்பிட்டு எண்ணுங்கள். அதே கடையில் அதே லாட் வாங்கிய வேறு விவசாயி இருந்தால் அவரையும் கடிதம் எழுதச் சொல்லுங்கள். வேறு வேறு நிலத்தில் ஒரே லாட் படுத்துவிட்டால் நிலத்தைக் குறை சொல்ல முடியாது.

பில், பை, மிச்ச விதை

காலிப் பையையும் அதிலுள்ள அட்டையையும் தூக்கி எறியாதீர்கள். லாட் எண், பரிசோதனை தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி, முளைப்புத் திறன், எடை, உற்பத்தியாளர் முகவரி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சான்று விதை என்றால் நீல அட்டை, உண்மைநிலை விதை என்றால் பச்சை அட்டை இருக்கும். காலக்கெடு தாண்டிய தேதி இருந்தால் உங்கள் வாதம் பாதி வென்ற மாதிரி. அதைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பில்லில் லாட் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடனுக்கு வாங்குகிறவர்களுக்குப் பல கடைகளில் துண்டுச்சீட்டுதான் கிடைக்கிறது, சிலருக்கு அதுவும் இல்லை. 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ரொக்கமோ கடனோ, வாங்குபவருக்கு ரசீது தருவது விற்பனையாளரின் கடமை. புகாரைப் பற்றி மூச்சு விடும் முன் போய் பில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. தர மறுத்தால் பணம் அனுப்பிய கைபேசிப் பதிவு, கடைக்காரர் கணக்கு எழுதித் தந்த சீட்டு, விதைப்பை ஆகியவற்றை வைத்துக் கடிதத்தை எழுதுங்கள். ரசீது தரவில்லை என்பதையும் அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பையில் மிச்ச விதை இருந்தால் நூறை எண்ணி எடுத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து ஏழாம் நாள் எண்ணலாம். இது உங்கள் மனத் தெளிவுக்கு உதவும், சாட்சியாக அதிகம் நிற்காது. பிரித்த பையில் இருந்தது அந்த விதைதானா என்று எதிர்த்தரப்பு கேட்கும். பிரிக்காத பை ஒன்று வீட்டில் இருந்தால் அதைத் தொடாதீர்கள், அது பெரிய சாட்சி. மிச்சமே இல்லை என்றாலும் கலங்க வேண்டாம். விவசாயி விதைத்தது போக ஒரு பகுதியை ஆய்வகத்துக்காக எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கில் சொல்லியிருக்கிறது. பயிர் செய்து விற்பதால் விவசாயி நுகர்வோர் இல்லை என்ற வாதத்தையும் அதே தீர்ப்பு ஏற்கவில்லை.

உழுது போடும் முன் ஆய்வு

மறு விதைப்புக்குப் பருவம் தவறிவிடுமே என்ற பதற்றத்தில் வயலை உழுதுவிட்டால் சாட்சி போய்விடும். எண்ணி முடித்த அன்றே வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மனுவில் இரண்டு கோரிக்கை போதும். ஒன்று, வயலை ஆய்வு செய்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். இன்னொன்று, அந்த லாட்டில் மீதியிருக்கும் பைகளிலிருந்து கடையிலேயே மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாவதை நாள் கடத்தாமல் கேளுங்கள். கடைக்காரர் மிச்சப் பைகளை விற்றுவிடலாம், நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம். 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டப்படி ஆய்வாளர் எடுக்கும் மாதிரி மூன்று பங்காகும். ஒன்று விற்பனையாளருக்கு, ஒன்று பரிசோதனைக்கு, மற்றொன்று பாதுகாப்பில் இருக்கும். பிரித்த பை என்ற பேச்சே அங்கே எழாது.

வயல் அறிக்கையில் பலர் கோட்டை விடுகிறார்கள். "முளைப்பு குறைவு, விதை தரமற்றது" என்று இரண்டே வரியில் வந்தால் அது பின்னால் நிற்காது. மற்ற காரணங்களை ஆராயாமல் எழுதிய அறிக்கை, எதிர்த்தரப்பை அழைக்காமல் எடுத்த அறிக்கை என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் சொல்லிவிடுவார். அதனால் மண் ஈரம், விதைப்பு ஆழம், தண்ணீர் தேங்காதது, பூச்சி அரிப்பு இல்லாதது, அடுத்த லாட்டின் முளைப்பு எண்ணிக்கை ஆகியவற்றை அறிக்கையில் குறிக்கும்படி அலுவலரிடம் பணிவாகக் கேளுங்கள். ஆய்வு நாளைக் கடைக்காரருக்கும் நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். அவர்கள் வந்தாலும் உங்களுக்கு நல்லது, வராமல் போனாலும் நல்லது.

ஆய்வு தள்ளிப்போய், மறு விதைப்புக்கு நாளும் நெருங்கினால், எண்ணிய இடங்கள் அடங்கும்படி ஒரு பட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உழுங்கள். விட்டிருப்பதையும் எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

எவ்வளவு கேட்பது

இரண்டு வழி இருக்கிறது. உழுதுவிட்டு மறுபடி விதைப்பது ஒன்று. இருக்கிற பயிரையே வளர்த்து, குறைந்த மகசூலுக்கு இழப்பீடு கேட்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே நிலத்துக்கு முழுசாகக் கேட்டால் கணக்கு இரட்டிப்பாகும், உங்கள் நாணயம் கேள்விக்குள்ளாகும். 48 சதவீதத்தில் இடைவெளியை நிரப்புவதால் மக்காச்சோளத்தில் பெரிய பலன் கிடைக்காது. பத்து நாள் பிந்தி வரும் செடி, முன்னே வளர்ந்ததன் நிழலில் நின்று கதிர் பிடிக்காமல் போகும். ஆகவே நம் விவசாயி மறு விதைப்பைத் தேர்ந்தெடுக்கிறார்.

இரண்டு ஏக்கருக்கு உழவும் பார் பிடிப்பதும் 5,000 ரூபாய், விதைப்புக் கூலி 3,000. அடியுரத்துக்கு 6,000 செலவானது. அதில் ஒரு பகுதி மண்ணிலேயே இருக்கும் என்பதால் பாதியை, 3,000-ஐ மட்டும் கேட்கிறார். மொத்தம் 11,000 ரூபாயும் நான்கு பை மாற்று விதையும். குறித்த நாளுக்குள் விதை வராவிட்டால் அதன் விலை 6,000 சேர்ந்து 17,000 ஆகிவிடும். பிந்தி விதைத்ததால் மகசூல் குறைந்தால் அதை இப்போதே ஊகித்துத் தொகை எழுத வேண்டாம். அறுவடையில் நல்ல ஏக்கரையும் இந்த இரண்டு ஏக்கரையும் தனித்தனியாக எடைபோட்டு, வித்தியாசத்தைக் கேட்கும் உரிமையை ஒரு வரியில் காப்பாற்றிக்கொண்டால் போதும்.

கடிதம்

கடையின் பெயருக்கும், அட்டையிலுள்ள உற்பத்தி நிறுவனத்தின் பெயருக்கும் சேர்த்தே எழுதுங்கள். கடைக்காரர் "கம்பெனிதான் பொறுப்பு" என்பார், நிறுவனம் "சேமித்து வைத்ததில் கடைக்காரர் தவறு" என்று சொல்லும். இருவர் பெயரும் கடிதத்தில் இருந்தால் உங்களை அங்கும் இங்கும் அலைய விட முடியாது. வசைச்சொல் ஒன்றுகூட வேண்டாம். "போலி விதை", "மோசடி" போன்ற சொற்களையும் தவிர்த்துவிடுங்கள். நீங்கள் நிரூபிக்க வேண்டியது முளைப்புக் குறைவை மட்டும்தான். அதற்கு மேல் சொல்வதெல்லாம் கூடுதல் சுமை.

> அனுப்புநர்: (பெயர், முகவரி, கைபேசி எண்)
>
> பெறுநர்:
> 1. உரிமையாளர், (கடையின் பெயர், முகவரி, விதை விற்பனை உரிம எண்)
> 2. மேலாளர், (உற்பத்தி நிறுவனத்தின் பெயர், அட்டையில் உள்ள முகவரி)
>
> நாள்: 23.09.2025
>
> பொருள்: மக்காச்சோள விதை, லாட் எண் 2417, முளைப்புக் குறைவு – மாற்று விதையும் இழப்பீடும் கோருதல்
>
> ஐயா,
>
> 05.09.2025 அன்று தங்கள் கடையில் (ரகத்தின் பெயர்) வீரிய ஒட்டு மக்காச்சோள விதை, நான்கு கிலோ பை ஆறு, 9,000 ரூபாய்க்கு வாங்கினேன் (பில் எண் ...). இவற்றில் நான்கு பைகள் லாட் எண் 2417, இரண்டு பைகள் லாட் எண் 2431. இரண்டு லாட்டின் அட்டையிலும் முளைப்புத் திறன் குறைந்தது 90 சதவீதம் என்று உள்ளது.
>
> 12.09.2025 அன்று என் நிலத்தில் (சர்வே எண் ...) 2417-ஐ இரண்டு ஏக்கரிலும் 2431-ஐ ஒரு ஏக்கரிலும் விதைத்தேன். இரண்டுக்கும் ஒரே உழவு, ஒரே ஆழம், ஒரே நாளில் ஒரே கிணற்றுப் பாசனம்.
>
> 22.09.2025 அன்று ஒவ்வொன்றிலும் பத்து இடங்களில் 200 குழிகளை எண்ணியதில், 2417-இல் 96 செடிகளும் (48 சதவீதம்) 2431-இல் 176 செடிகளும் (88 சதவீதம்) இருந்தன. 2417-இன் முளைக்காத குழிகளைத் தோண்டியபோது விதைகள் ஈரம் ஏற்று ஊதி, முளை வராமல் அழுகியிருந்தன. தண்ணீர் தேக்கமோ பூச்சி அரிப்போ இல்லை.
>
> வேளாண்மை உதவி இயக்குநரும் விதை ஆய்வாளரும் ஆய்வு செய்யக் கோரி 22.09.2025 அன்று மனு அளித்துள்ளேன். 25.09.2025 காலை 10 மணிக்கு வயலில் ஆய்வு நடக்க உள்ளது. தாங்களோ தங்கள் பிரதிநிதியோ நேரில் வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். லாட் எண் 2417-இல் தங்களிடம் மீதியுள்ள பைகளை விற்காமலும் திருப்பி அனுப்பாமலும் மாதிரி எடுப்பதற்காக வைத்திருக்குமாறும் வேண்டுகிறேன்.
>
> என் கோரிக்கைகள்:
>
> ஒன்று: விதைப்புப் பருவம் முடியும் முன், 30.09.2025-க்குள், வேறு லாட்டில் இருந்து நான்கு பை மாற்று விதை தர வேண்டும். தவறினால் அதன் விலை 6,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்.
>
> இரண்டு: மறு உழவு 5,000, விதைப்புக் கூலி 3,000, வீணான அடியுரத்தில் பாதி 3,000 ஆக 11,000 ரூபாயை இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தர வேண்டும்.
>
> மாற்று விதையைப் பெற்றுக்கொள்வதால் இழப்பீடு கேட்கும் உரிமையை நான் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. பிந்திய விதைப்பால் ஏற்படும் மகசூல் இழப்பை அறுவடைக்குப் பின் கோரும் உரிமையும் எனக்கு உண்டு.
>
> குறித்த நாளுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
>
> இணைப்பு: பில் நகல், இரு லாட்டின் அட்டைப் படங்கள், எண்ணிக்கைத் தாள், வயல் படங்கள், மனுவின் நகல்
>
> நகல்: வேளாண்மை உதவி இயக்குநர், விதை ஆய்வாளர்

உண்மையான பில்லையும் பையையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம், நகல் மட்டும் போகட்டும். "கம்பெனிக்கு அனுப்பணும், ஒரிஜினல் கொடுங்க" என்று கேட்பார்கள். கொடுத்தால் திரும்பி வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பியபின்

கடைக்கு நேரில் ஒரு பிரதி கொடுத்து, உங்கள் நகலில் கையெழுத்தும் முத்திரையும் கேளுங்கள். போட மறுத்தால் விரைவு அஞ்சலில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். நிறுவனத்துக்கும் அப்படியே.

பெரும்பாலும் எழுத்தில் பதில் வராது, கைபேசியில் அழைப்புதான் வரும். "ரெண்டு பை தர்றோம், எடுத்துக்கிட்டு விட்ருங்க" என்பார்கள். பருவம் போகிறதே என்று அந்த விதையை வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை. ஆனால் கையெழுத்துக் கேட்கும் தாளைப் படியுங்கள். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தால் அதை அடித்துவிட்டு, "இரண்டு பை விதை மட்டும் பெற்றேன், மற்ற கோரிக்கைகள் நிலுவையில்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கடையில் உங்களுக்குப் பழைய பாக்கி இருந்தால் அதைக் காட்டி வாயை அடைக்கப் பார்ப்பார்கள். பாக்கி தனி, இந்தப் புகார் தனி. இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

விதை ஆய்வாளரின் நடவடிக்கை முடிந்தால் பணம் தானாக வந்துவிடும் என்று பலர் காத்திருக்கிறார்கள். வராது. 1966 சட்டம் தவறு செய்தவரைத் தண்டிக்கத்தான், விவசாயிக்கு இழப்பீடு வாங்கித் தர அதில் வழி இல்லை. பணத்துக்கான இடம் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த மாவட்ட ஆணையம்தான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. நீங்கள் பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழிகாட்டுதல் வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பரிசோதனை அறிக்கை தேவை என்று ஆணையம் கருதினால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப அதற்கே அதிகாரம் உண்டு. உங்களிடம் விதை மிச்சம் இல்லை என்றால், அதே லாட்டின் மாதிரியை நிறுவனம் கொடுக்கட்டும் என்று மனுவிலேயே கேட்டுவிடுங்கள். கடிதத்தின் நகல், அஞ்சல் ரசீது, எண்ணிக்கைத் தாள், வயல் அறிக்கை, பில், அட்டை இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, அறுவடையின் எடைச் சீட்டுகளையும் சேர்த்து மனுவோடு இணைக்க வேண்டும்.